பேசி முடிந்த பின் எழுதும் நன்றி

அன்புள்ள ஐயா,

சீனன்குடாவில் ஒரு தொழிற்சாலையில் 5 ஆண்டுகளாகக் களஞ்சியப் பொறுப்பாளராக இருக்கிறேன். நேற்றுக் கொழும்பிலுள்ள ஆட்சேர்ப்பு நிறுவனமொன்றிலிருந்து ஓர் அலுவலர் 20 நிமிடம் பேசினார். இப்போது பொருத்தமான இடம் இல்லை, உங்கள் விபரத்தை வைத்திருக்கிறேன் என்றார். நன்றி சொல்லி எழுதினால் தொல்லையாக நினைப்பாரா? எழுதுவதென்றால் என்ன எழுதுவது?

வாசகர், திருகோணமலை

அன்புள்ள தம்பிக்கு,

எழுதுங்கள், இன்றைக்கே எழுதுங்கள். ஒரு நாளில் பலரோடு பேசுகிற அந்த அலுவலர், சில மாதங்கள் கழித்து ஓர் இடம் வரும்போது, நினைவை மட்டும் நம்பி ஆள் தேட முடியாது. மின்னஞ்சல் பெட்டியிலும் நிறுவனத்தின் தரவுத்தளத்திலும் பதவிப் பெயரையோ மென்பொருளின் பெயரையோ தட்டித்தான் தேடுவார். உங்கள் நன்றி அந்தத் தேடலில் அகப்பட வேண்டும். "நேரம் ஒதுக்கியதற்கு மிக்க நன்றி" என்பதோடு நின்றுவிடும் கடிதம் அதில் அகப்படாது. "எந்த வேலையானாலும் சரி" என்று எழுதினாலும் உங்களை எந்த இடத்துக்கு முன்மொழிவதென்று அவருக்குத் தெரியாமல் போகும்.

உதாரணமாக இப்படி எழுதலாம்:

"வணக்கம். நேற்றுப் பேசியதற்கு நன்றி. களஞ்சியப் பதவிகளுக்கு எஸ்.ஏ.பி. மென்பொருள் பழக்கத்தை எதிர்பார்க்கிறார்கள் என்று நீங்கள் சொன்னது பயனாக இருந்தது. அதைக் கற்கத் தொடங்குகிறேன். நினைவுக்காக: களஞ்சியப் பொறுப்பாளர், 5 ஆண்டு அனுபவம், தற்போது திருகோணமலை, கொழும்புக்கு இடம்மாறத் தயார், விலகுவதற்கு 1 மாத முன்னறிவித்தல் தேவை. சுயவிபரக்கோவையை இணைத்துள்ளேன்."

இதில் இடம்மாறத் தயார் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். திருமலை முகவரியைப் பார்த்ததும் கொழும்பில் இருப்பவருக்கு எழும் முதல் ஐயம், இவர் வருவாரா என்பதுதான். சுயவிபரக்கோவையில் அதற்குப் பெரும்பாலும் விடை இருப்பதில்லை. சம்பளத் தொகையை அவர் கேட்காதவரை எழுத வேண்டாம் என்பது என் கருத்து, ஏனென்றால் எழுதிய தொகை அவரது பதிவில் தங்கிவிடும், நாளை வரும் இடம் அதைவிடப் பெரியதாகவும் இருக்கலாம்.

அவர் முதலில் மின்னஞ்சலில் தொடர்புகொண்டிருந்தால் அந்த மின்னஞ்சலுக்கே பதிலாக எழுதுங்கள். லிங்க்ட்இன்னில் என்றால் அந்த உரையாடலிலேயே எழுதுங்கள். புதிய கடிதமாக அனுப்பினால் பழைய பேச்சு ஓரிடத்திலும் நன்றி வேறோரிடத்திலும் கிடக்கும்.

அதன் பிறகு, சொல்வதற்குப் புதிதாக ஒன்று இருக்கும்போது மட்டும் எழுதுங்கள்: பயிற்சி முடிந்தது, பதவி உயர்ந்தது, தொலைபேசி இலக்கம் மாறியது. இந்தக் கடைசி விடயத்தில் நான் ஒருமுறை தவறியிருக்கிறேன். இலக்கத்தை மாற்றிவிட்டு அறிவிக்காமல் இருந்தேன். எனக்குப் பொருத்தமான ஓர் இடத்துக்காகப் பழைய இலக்கத்துக்கு இரண்டு தடவை அழைத்தார்களென்று 5 மாதம் கழித்துத்தான் தெரிந்தது. செய்தி எதுவும் இல்லாமல் வாரந்தோறும் "ஏதாவது இடம் உண்டா" என்று கேட்பதுதான் நீங்கள் அஞ்சும் தொல்லை.

ஒருவேளை அவர் உங்களுக்குப் பொருந்தாத இடமொன்றைச் சொன்னால், அன்றே மறுப்பைத் தெரிவித்து, காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். அந்த வேலைக்கு ஏற்ற நண்பர் இருந்தால், முதலில் அவரிடம் கேட்டுக்கொண்டு, அவருடைய பெயரையும் அதே பதிலில் கொடுங்கள்.