நாளைக்கு 12 நிமிடம் முந்தும் வாட்ச்: சர்வீஸா, காந்தமா?

"என்னுடையது சீகோ 5 ஆட்டோமேட்டிக். ஆறு வருடமாக நாளைக்கு 10, 15 வினாடிதான் முந்தும். போன வாரத்திலிருந்து திடீரென்று 12 நிமிடம் முந்துகிறது. கீழே விழவில்லை, தண்ணீரும் படவில்லை. புதிதாக வாங்கிய டேப்லெட் கவர் மேல்தான் ராத்திரி கழற்றி வைக்கிறேன். கடையில் முழு சர்வீஸ் செய்யணும் என்கிறார்கள். காந்தம் ஏறியிருக்கலாம் என்கிறார் நண்பர். எதை நம்புவது?"

நண்பர் சொல்வதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். எண்ணெய் காய்வதும் அழுக்கு சேர்வதும் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தெரியும் கோளாறுகள். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய வாட்ச், அடிபடாமலே ஒரே நாளில் நிமிடக்கணக்கில் முந்த ஆரம்பித்தால் காந்தம்தான் முதல் சந்தேகம். அந்த டேப்லெட் கவர் சந்தேகத்தை இன்னும் வலுவாக்குகிறது. மூடி தானாக ஒட்டிக்கொள்வதற்காக அதற்குள் சின்னச் சின்ன நியோடிமியம் காந்தங்கள் பதித்திருப்பார்கள்.

வாட்சுக்குள் காந்தத்தால் முதலில் பாதிக்கப்படுவது ஹேர்ஸ்பிரிங். வாட்சின் வேகத்தைத் தீர்மானிக்கும் சின்னச் சக்கரமான பேலன்ஸ் வீலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டும், தலைமுடி போல மெல்லிய சுருள் அது. பெரும்பாலான வாட்சுகளில் இதை இரும்பும் நிக்கலும் கலந்த உலோகத்தில் செய்கிறார்கள். வெயிலிலும் குளிரிலும் நேரம் மாறாமல் இருக்க இந்தக் கலவைதான் கைகொடுத்தது. இதன் மூலக் கண்டுபிடிப்புக்காக சார்ல்ஸ் எட்வார்ட் கியோமுக்கு 1920இல் இயற்பியல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் இரும்பு இருக்கும் இடத்தில் காந்தமும் ஏறும்.

காந்தம் ஏறினால் சுருளின் அடுத்தடுத்த வளையங்கள் ஒன்றையொன்று இழுத்து, அங்கங்கே ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய பகுதி ஸ்பிரிங்காக வேலை செய்யாது. அதாவது ஸ்பிரிங்கின் நீளம் குறைந்தது போலாகிவிடும். குட்டையான ஸ்பிரிங் விறைப்பானது, பேலன்ஸை வேகமாகத் திருப்பி அனுப்பும், வாட்ச் முந்தும்.

உங்கள் வாட்சையே கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 நிமிடம் என்றால் 720 வினாடி. ஒரு நாளைக்கு 86,400 வினாடி. ஆக வேகம் கூடியிருப்பது 0.83 சதவீதம். ஸ்பிரிங்கின் நீளம் எத்தனை சதவீதம் குறைகிறதோ, அதில் பாதியளவுதான் வேகம் கூடும். எனவே நீளத்தில் குறைந்திருப்பது சுமார் 1.7 சதவீதம். ஸ்பிரிங் 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 1.7 மில்லிமீட்டர். இந்தத் துளி ஒட்டலுக்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டம்! வளையங்கள் இன்னும் பலமாக ஒட்டினால் மணிக்கணக்கில் முந்தவும் செய்யும், நின்றும் போகலாம். அபூர்வமாக, மற்ற எஃகு பாகங்களில் ஏறிய காந்தம் ஆட்டத்தை இழுத்துப் பிடித்தால் வாட்ச் பிந்தவும் கூடும்.

வீட்டிலேயே சோதிக்க, ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் முள் வைத்த திசைகாட்டி போதும். ஃபோனில் உள்ள திசைகாட்டி வேண்டாம். ஃபோன் ஸ்பீக்கரிலேயே காந்தம் இருக்கிறது, சோதிக்கப் போய் இன்னும் ஏற்றிக்கொள்வீர்கள். முதலில் வாட்சின் எஃகுப் பட்டையைக் கழற்றி விடுங்கள், அதில் தனியாகக் காந்தம் ஏறியிருக்கலாம். திசைகாட்டியை மர மேசையில் வைத்து, முள்ளின் வடக்கு நுனிக்குப் பக்கவாட்டிலிருந்து வாட்சின் 3 மணிப் பக்க விளிம்பை மெதுவாகக் கொண்டு வாருங்கள். பிறகு வாட்சைத் திருப்பி 9 மணிப் பக்கத்தைக் காட்டுங்கள். அப்படியே 12, 6 மணிப் பக்கங்களும். முள் எல்லா விளிம்பையும் நோக்கி இழுபட்டால் அதை வைத்து முடிவுக்கு வர முடியாது, வெறும் எஃகும் அப்படித்தான் இழுக்கும். ஏதாவது ஒரு விளிம்பைக் கண்டு முள் விலகி ஓடினால் காந்தம் ஏறியிருப்பது உறுதி. முள் விலகவில்லை என்பதற்காகக் காந்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஹேர்ஸ்பிரிங் அவ்வளவு மெல்லியது, அதன் காந்தம் முள்ளை எட்டாமலே போகலாம்.

கடைக்காரர் இதை டைம்கிராஃபரில் வைத்துப் பார்ப்பார். வாட்சின் டிக் ஒலியை மைக்கில் கேட்டு, நாளைக்கு எத்தனை வினாடி முந்துகிறது என்று திரையில் காட்டும் கருவி அது. திரையில் ஓடும் புள்ளிக்கோடு செங்குத்தாக மேலே ஏறினால் வாட்ச் கடுமையாக முந்துகிறது என்று பொருள். உங்கள் வாட்சில் 7எஸ்26 இயந்திரம் இருந்தால், கருவியில் லிஃப்ட் ஆங்கிளை 53 டிகிரியாக வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பேலன்ஸ் எவ்வளவு தூரம் ஆடுகிறது என்ற அளவு தவறாக வரும்.

காந்தம் எடுக்க மூடியைத் திறக்கவே வேண்டாம். டிமேக்னடைசர் என்பது வீட்டு மின்சாரத்தில் ஓடும் ஒரு கம்பிச் சுருள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் காந்தப்புலம் வினாடிக்கு 100 முறை திசை மாறும். வாட்சை சுருளின் நடுவில் வைத்து, பட்டனை அமுக்கி, அமுக்கியபடியே நேராக, மெதுவாக ஒரு கை நீளத்துக்கு வெளியே இழுக்க வேண்டும். தூரம் கூடக் கூடப் புலம் தேய்ந்துகொண்டே வரும். எஃகுக்குள் ஏறிய காந்தமும் அப்படியும் இப்படியும் புரண்டு, ஒவ்வொரு புரட்டலிலும் கொஞ்சம் குறைந்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் போகும்.

வாட்ச் சுருளுக்குள் இருக்கும்போதே பட்டனை விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அந்தக் கணத்தில் புலம் எந்தத் திசையில் இருந்ததோ அது அப்படியே வாட்சில் தங்கிவிடும், முன்பைவிட மோசமாகலாம். அப்படி ஆனாலும் பயம் வேண்டாம், முறையாக மறுபடி ஒருமுறை இழுத்தால் சரியாகிவிடும். வாட்சைப் படுக்க வைத்து ஒருமுறை, நிறுத்தி வைத்து ஒருமுறை, பட்டையைத் தனியாக ஒருமுறை செய்வது நல்லது. பட்டனை ஒரேயடியாக நெடுநேரம் அமுக்கினால் சின்னக் கருவிகள் சூடேறும். குவார்ட்ஸ் வாட்சை இதில் வைக்கவே கூடாது. அதன் மோட்டாரே ஒரு நிரந்தரக் காந்தத்தில்தான் சுற்றுகிறது.

காந்தம் போனதும் டைம்கிராஃபரில் கோடு உடனே படுத்துவிடும், பழைய 10, 15 வினாடிக்குத் திரும்பிவிடும். அப்படித் திரும்பாவிட்டால்தான் பின்மூடியைத் திறக்க வேண்டும். லென்ஸில் பார்த்தால் வளையங்கள் சம இடைவெளியில் விரிந்து சுருங்க வேண்டும், மூச்சு விடுவது போல. இரண்டு மூன்று வளையங்கள் கொத்தாகச் சேர்ந்து நின்றால், எண்ணெய் பட்டு ஒட்டியிருக்கலாம், அல்லது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரின் பின்னுக்குள் கூடுதலாக ஒரு வளையம் மாட்டியிருக்கலாம். எண்ணெய் என்றால் பேலன்ஸைக் கழற்றி பென்சைன் என்ற பெட்ரோலியக் கரைப்பானில் அலச வேண்டும். சர்வீஸுக்குப் பணம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது என்றால் அது இங்கேதான்.

ஒன்றை மட்டும் அனுமதிக்காதீர்கள்: காந்தத்தைச் சோதிக்காமல் ரெகுலேட்டர் கையை மைனஸ் பக்கம் தள்ளி வேகத்தைக் குறைப்பது. 12 நிமிடத்தை அந்தக் கையால் ஒழுங்காகச் சரிசெய்ய முடியாது. ஏதோ சமாளித்தாலும், பிறகு காந்தம் எடுத்த அன்றே வாட்ச் நிமிடக்கணக்கில் பிந்த ஆரம்பிக்கும்.

இனி ராத்திரி எங்கே வைப்பது? சாதாரண வாட்சுகளுக்குக் காந்தப் பொருளிலிருந்து 5 செ.மீ. தள்ளி வைத்தால் போதும் என்பது பொதுவான அளவு. சின்னக் காந்தங்களின் புலம் தூரம் இரட்டிப்பானால் எட்டில் ஒரு பங்காகிவிடும். டேப்லெட், இயர்பட்ஸ் டப்பா, ப்ளூடூத் ஸ்பீக்கர், காந்தப் பூட்டு வைத்த கைப்பை எதுவானாலும் ஒரு சாண் தள்ளி வைத்தால், அதே மேசையிலேயே வாட்சை வைத்துக்கொள்ளலாம்.