கெமிக்கலா, பெட்ரோலியமா? ஒரு விடைத்தாளை வைத்து ஒரு பதில்

வணக்கம் அம்மா,

மகளின் வேதியியல் விடைத்தாளையும் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. கெமிக்கல் இன்ஜினியரிங்கா, பெட்ரோலியம் இன்ஜினியரிங்கா, பி.எஸ்சி. வேதியியலா என்ற உங்கள் கேள்விக்கு அதில் உள்ள ஒரு விடையை வைத்தே பேசலாம். "கச்சா எண்ணெயைச் சூடாக்கினால் அது பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என உடைகிறது" என்று எழுதியிருக்கிறாள். மதிப்பெண் போனது 'உடைகிறது' என்ற சொல்லால்தான். அவள் சேர நினைக்கும் துறையின் அடிப்படையே இந்த இடத்தில் இருப்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.

கச்சா எண்ணெயைச் சூடாக்கிப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் பின்னக் காய்ச்சி வடித்தலில் எதுவும் உடைவதில்லை. கச்சா எண்ணெய் என்பது ஏற்கெனவே ஆயிரக்கணக்கான ஹைட்ரோகார்பன்கள் கலந்த கலவை. பெட்ரோலுக்கு உரிய மூலக்கூறுகளும் டீசலுக்கு உரியவையும் தாருக்கு உரியவையும் கிணற்றிலிருந்து வரும்போதே அதில் இருக்கின்றன. மூலக்கூறு பெரிதாகப் பெரிதாக, அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் ஈர்ப்பும் கூடும், கொதிநிலையும் ஏறும். பியூட்டேன் சுமார் 0 டிகிரியிலேயே வாயுவாகிவிடும். எட்டு கார்பன் உள்ள ஆக்டேன் 126 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். பதினாறு கார்பன் உள்ள ஹெக்சாடெக்கேனுக்கு 287 டிகிரி வேண்டும். இந்த வித்தியாசத்தை வைத்துப் பிரிப்பதுதான் வடித்தல்.

மணலி பக்கம் போகும்போது உயரமான கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். 1969இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் 25 லட்சம் டன் ஆண்டுத் திறனோடு ஓடத் தொடங்கிய ஆலை அது. இப்போது சென்னை பெட்ரோலியம் என்ற பெயரில் ஆண்டுக்கு 1 கோடியே 5 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் அதற்கு இருக்கிறது. இதுபோன்ற ஆலை எதுவானாலும் முதல் வேலை ஒன்றுதான். கச்சா எண்ணெயில் உள்ள உப்பையும் நீரையும் முதலில் நீக்குவார்கள். பிறகு உலையின் குழாய்கள் வழியாகச் செலுத்தி, சுமார் 350 முதல் 370 டிகிரி வரை சூடாக்கிக் கோபுரத்துக்குள் விடுவார்கள். ஆவி மேலே ஏறும். கோபுரத்தின் அடி சூடாகவும் உச்சி 120 டிகிரி போலவும் இருக்கும். உள்ளே ஒன்றன் மேல் ஒன்றாகத் தட்டுகள். மேலே ஏறும் ஆவியும் கீழே இறங்கும் திரவமும் ஒவ்வொரு தட்டிலும் சந்திக்கும். கனமானது திரவமாகிக் கீழே வரும், லேசானது ஆவியாகி மேலே போகும்.

உச்சியில் சமையல் எரிவாயுவும், அதோடு ஏறத்தாழ 180 டிகிரிக்குள் கொதிக்கும் நாஃப்தாவும் கிடைக்கும். நாஃப்தாவைப் பதப்படுத்தித்தான் பெட்ரோல் ஆக்குகிறார்கள். பிளாஸ்டிக் தயாரிப்புக்கும் அது மூலப்பொருள். அதற்குக் கீழே 150 முதல் 250 டிகிரி வரை மண்ணெண்ணெயும் விமான எரிபொருளும், 250க்கு மேல் 350, 360 டிகிரி வரை டீசலும் எடுக்கப்படும். அதற்கும் மேலான கொதிநிலை உள்ளதெல்லாம் அடியில் கறுப்பாகத் தங்கும்.

பாடப்புத்தகத்தில் ஓர் எண், கைடில் வேறு எண் என்று மாணவர்கள் குழம்புவது இங்கேதான். இரண்டுமே சரியாக இருக்கலாம். இப்படிப் பிரியும் ஒரு பகுதி, அதாவது ஒரு பின்னம், எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்க வேண்டும் என்பதை ஆலைதான் முடிவு செய்கிறது. டீசலுக்குத் தேவை கூடினால், மண்ணெண்ணெயின் கனமான பகுதியை டீசலோடு சேர்த்துக்கொள்வார்கள். அதனால் எல்லைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும். எண்களை மனப்பாடம் செய்வதைவிட எது மேலே, எது கீழே, ஏன் என்பதில் அவள் தெளிவாக இருக்கட்டும்.

இந்தக் கோபுரத்தில் மனிதருக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். மண்ணெண்ணெய் மாதிரி ஆய்வகத்துக்குப் போகிறது. அதன் ஆவி நெருப்பு பட்டால் பற்றிக்கொள்ளும் மிகக் குறைந்த வெப்பநிலைதான் தீப்பற்று நிலை. நம் நாட்டுத் தரப்படி அது 35 டிகிரிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் விளக்கிலும் அடுப்பிலும் ஆபத்து. ஆய்வகம் 30 என்று சொல்கிறது. அப்படியென்றால் நாஃப்தாவின் லேசான மூலக்கூறுகள் கொஞ்சம் மண்ணெண்ணெயில் தங்கிவிட்டன. கோபுரத்தின் பக்கவாட்டில் ஸ்ட்ரிப்பர் என்று ஒரு சின்னக் கோபுரம் உண்டு. அதன் அடியில் நீராவி செலுத்தி இந்த லேசானவற்றைத் துரத்தி மேலே அனுப்புவார்கள். நீராவி ஓட்டம் குறைந்துவிட்டதா என்று ஷிப்டில் இருப்பவர் முதலில் பார்ப்பார். அது சரியாக இருந்தால், உச்சி வெப்பநிலை தேவைக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பார்ப்பார். உச்சி குளிர்ந்தால், மேலே போக வேண்டிய நாஃப்தா கீழே மண்ணெண்ணெயில் இறங்கும். ஒன்றைச் சரி செய்துவிட்டு, மறுபடி மாதிரி எடுத்துப் பார்ப்பார். காரணத்தைத் தேடிப் பிடிக்கும் இந்த வேலை உங்கள் மகளுக்குப் பிடிக்குமா என்பதுதான் என் முதல் கேள்வி.

சரி, அடியில் தங்கிய கறுப்பு எண்ணெய்க்கு வருவோம். கணக்குக்காக 100 டன் கச்சா எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். எரிவாயு 2, நாஃப்தா 20, மண்ணெண்ணெய் 12, டீசல் 24 டன் வெளியே வந்தால், 42 டன் அடியிலேயே நிற்கும். கச்சா எண்ணெயின் வகையைப் பொறுத்து இது கூடும், குறையும். "இன்னும் சூடாக்கினால் அதுவும் ஆவியாகுமே?" என்று மகள் கேட்டால், மிக நல்ல கேள்வி. 370 டிகிரியைத் தாண்டினால் பெரிய மூலக்கூறுகள் தாறுமாறாக உடைந்து, பாயசம் அடிபிடிப்பது போல உலைக் குழாய்களுக்குள் கரி படியும். குழாயின் வெளிச்சுவர் வெப்பம் ஏறிக்கொண்டே போவதும், எண்ணெயைத் தள்ள அதிக அழுத்தம் தேவைப்படுவதும் அதன் அறிகுறிகள். அதனால் 42 டன்னையும் இன்னொரு கோபுரத்துக்கு அனுப்பி, உள்ளே அழுத்தத்தை வெகுவாகக் குறைத்துவிடுவார்கள். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். சாதாரண அழுத்தத்தில் 550 டிகிரி வரை கேட்கும் எண்ணெய்கூட அங்கே உடையாமல் ஆவியாகும். இப்படி ஒரு 24 டன் மேலே வரும். மசகு எண்ணெய், பாரஃபின் மெழுகு எல்லாம் இந்தப் பகுதியிலிருந்து எடுக்கப்படுபவை. மீதி 18 டன்னில்தான் ரோடு போடும் தார் இருக்கிறது.

அந்த 24 டன் முழுவதையும் மசகு எண்ணெயாகவும் மெழுகாகவும் விற்றுவிட முடியாது. அவ்வளவு தேவை இல்லை. ஊரில் ஓடும் வண்டிக்குப் பெட்ரோலும் டீசலும் வேண்டும். சமையல் எரிவாயுவோ நாட்டின் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதியாகிறது. பூமிக்கு அடியிலிருந்து வரும் விகிதமும் சந்தை கேட்கும் விகிதமும் ஒத்துப்போவதில்லை. அதற்காகத்தான் பெரிய மூலக்கூறுகளை வேண்டுமென்றே உடைக்கிறார்கள். உங்கள் மகள் எழுதிய 'உடைகிறது' என்ற சொல்லுக்கு உரிய இடம் இதுதான்: கிராக்கிங்.

தேர்வில் எழுத ஒரு சமன்பாடு போதும்:

C16H34 → C8H18 + C8H16

ஹெக்சாடெக்கேன் உடைந்து ஓர் ஆக்டேனும் ஓர் ஆக்டீனும் கிடைக்கின்றன. இரண்டு ஆக்டேன் கிடைக்காது. அதற்கு ஹைட்ரஜன் போதாது. 34 ஹைட்ரஜனில் 18 ஒன்றுக்குப் போனால் 16தான் மிச்சம். அதனால் கிராக்கிங் நடந்தால் இரட்டைப் பிணைப்பு உள்ள மூலக்கூறு ஒன்றாவது கட்டாயம் வரும். வடித்தலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை ஆற்றல் கணக்கும் சொல்லும். கொதிநிலையில் ஒரு மோல் ஹெக்சாடெக்கேனை ஆவியாக்கச் சுமார் 50 கிலோஜூல் போதும். அதே ஒரு மோலில் மூலக்கூறுக்கு ஒரு கார்பன்–கார்பன் பிணைப்பை அறுக்கவோ 350 கிலோஜூல் அளவுக்கு வேண்டும். முதலாவது மூலக்கூறுகளைப் பிரித்து வைக்கிறது, இரண்டாவது மூலக்கூறையே பிளக்கிறது.

வினையூக்கி கொண்டு உடைக்கும் அலகில், சியோலைட் என்ற மாவு போன்ற வினையூக்கித் தூள் 500 டிகிரிக்கு மேலான வெப்பத்தில் எண்ணெய் ஆவியோடு சேர்ந்து குழாயில் மேலே பாயும். சில விநாடிகளில் வேலை முடிந்துவிடும். அதற்குள் தூளின் மேல் கரி படிந்து அதன் வேகம் செத்துவிடும். அடுத்த கலத்தில் காற்று செலுத்தி 700 டிகிரி போல அந்தக் கரியை எரித்துவிட்டுத் தூளைத் திருப்பி அனுப்புவார்கள். எரியும் கரியின் வெப்பமே உடைக்கும் வேலைக்குப் பயன்படுகிறது. இதை எப்போது படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. நம் 24 டன்னைச் செலுத்தினால், ஏறக்குறைய பதினொன்றரை டன் பெட்ரோல் வகையும் 4 டன் எரிவாயுவும் கிடைக்கும். மீதி, டீசலில் அப்படியே கலக்க முடியாத தரத்தில் கொஞ்சம் எண்ணெய், அடிக்கசடு, லேசான வாயு, கரி. டீசல்தான் முக்கியம் என்றால் அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜன் சேர்த்து உடைக்கும் ஹைட்ரோகிராக்கர்தான் பொருத்தம். ஹைட்ரஜன் பற்றாக்குறை அங்கே தீர்ந்துவிடுவதால் நல்ல டீசல் வரும், ஆனால் செலவு அதிகம்.

இப்போது உங்கள் கேள்வி. மேலே சொன்ன எதுவுமே பெட்ரோலியம் இன்ஜினியரிங்கின் மையம் இல்லை. அந்தப் படிப்பு பெரும்பாலும் பூமிக்கு அடியில் எண்ணெய் எங்கே, எவ்வளவு இருக்கிறது, எப்படித் துளையிட்டு எடுப்பது என்பதைப் பற்றியது. வேலை எண்ணெய் வயல்களில், கடல் மேடைகளில். பெயரைப் பார்த்து மணலி வேலை என்று நினைத்துப் பல பெற்றோர் அதை முதல் விருப்பமாகப் போடுகிறார்கள். கோபுரமும் கிராக்கரும் கெமிக்கல் இன்ஜினியரிங்கின் பாடம். கிண்டி ஏ.சி. டெக்கில் அது நெடுங்காலமாக இருக்கிறது. மின்சார வண்டி வந்தால் என்னாகும் என்ற உங்கள் பயத்துக்கும் இதுவே பதில். வடித்தல் தெரிந்தவருக்கு மருந்து, கரைப்பான், உரம் என்று வேறு ஆலைகளும் உண்டு. துளையிடுதல் மட்டும் படித்தவருக்கு அந்த அளவுக்கு மாற்றுவழி இல்லை.

பி.எஸ்சி.யைத் தள்ளிவிட வேண்டாம். இயற்பியல், கணிதம், வேதியியல் மூன்றும் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகளைச் சுத்திகரிப்பு ஆலைகள் அட்டென்டன்ட் ஆபரேட்டர் என்ற பிரிவில் அப்ரென்டிஸாக எடுக்கின்றன. ஆபரேட்டர் வேலைக்கு கெமிக்கல் டிப்ளமோ இன்னொரு வழி. இரண்டிலும் இரவு ஷிப்ட் உண்டு, கோபுரத்தில் ஏறி இறங்கவும் வேண்டும். அதை மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியல் போடும்போது கெமிக்கலை நல்ல கல்லூரிகள் வரிசையில் முதலில் வையுங்கள், பெட்ரோலியத்தை அதற்குப் பிறகு. அதற்கு முன் ஒரு மாலை அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அடியில் தங்கியதை 500 டிகிரிக்குச் சூடாக்காமல் அழுத்தத்தை ஏன் குறைக்கிறார்கள்? அவள் தாள் எடுத்துப் படம் போட்டு விளக்கத் தொடங்கினால் பட்டியலை அப்படியே லாக் செய்யுங்கள். ஆர்வமே காட்டவில்லை என்றால், லாக் செய்வதற்கு முன் அவளையும் அழைத்துக்கொண்டு என்னை வந்து பாருங்கள்.