61% என்று போடலாமா?

"நூலக உறுப்பினர்கள் 60 பேருக்கும் கேள்வி அனுப்பினேன். 23 பேர் பதில் தந்தார்கள். அதில் 14 பேர் மாலை நேரத்தை நீட்டிக்கச் சொன்னார்கள். '61% உறுப்பினர்கள் ஆதரவு' என்று பதிவிடலாமா?"

அப்படி எழுதாதீர்கள். கணக்கு சரி, 'உறுப்பினர்கள்' என்ற சொல்தான் தவறு. அந்த 61% பதில் தந்தவர்களுடையது. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் ஒருவர் மனம் மாறினாலே நான்கு புள்ளிகள் நகர்ந்துவிடும். எனவே எண்ணிக்கையை முன்னால் வையுங்கள், சதவீதம் அடைப்புக்குறிக்குள் போகட்டும்.

பெரிய ஓட்டை பதில் தராத 37 பேர். அவர்கள் எல்லோரும் வேண்டாம் என்பவர்களாக இருந்தால் ஆதரவு 60-க்கு 14, அதாவது 23%தான். எல்லோரும் வேண்டும் என்பவர்களானால் 51 பேர், 85%. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. மாலையில் வருபவர்களே ஆர்வமாகப் பதில் தந்திருக்கவும் வாய்ப்புண்டு.

'பிழை வரம்பு ±' என்று எதையாவது சேர்க்கும் ஆசை வரும், விட்டுவிடுங்கள். அந்தச் சூத்திரம் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த மாதிரிக்கானது. உங்களுக்குக் கிடைத்தவர்கள் தாமாக முன்வந்தவர்கள்.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"60 உறுப்பினர்களிடம் கேட்டோம்; 23 பேர் பதிலளித்தனர். அவர்களில் 14 பேர் (61%) மாலை நேர நீட்டிப்பை விரும்பினர். 37 பேரின் கருத்து தெரியாததால், இதை எல்லா உறுப்பினர்களின் முடிவாகக் கொள்ள முடியாது."

கேட்ட கேள்வியையும் அப்படியே கீழே ஒட்டிவிடுங்கள். "நேரத்தை நீட்டித்தால் நல்லதுதானே?" என்று கேட்டிருந்தால், கேள்வியே 'ஆம்' என்ற பதிலை நோக்கித் தள்ளுவதை வாசகர்களே கண்டுகொள்வார்கள்.