விலைப் பட்டியல் ஏன் தாறுமாறாக அடுக்குகிறது?

கேள்வி: பிரிட்ஜ் வாங்குவதற்காகப் பல கடைகளின் விலை, உத்தரவாதம் முடியும் தேதி எல்லாவற்றையும் எக்செல்லில் போட்டிருக்கிறேன். விலையைக் குறைவிலிருந்து அடுக்கினால் 1,12,000/- முதலிலும், 24,500/-, 27,990/- அதற்குப் பிறகும், 8,990/- கடைசியிலும் வருகின்றன. 20,000 முதல் 30,000 வரை என்று வடிகட்டினால் ஒன்றுமே வருவதில்லை. தேதியும் முன்னும் பின்னுமாக நிற்கிறது. என்ன தப்பு?

பதில்: விலைக்குப் பின்னால் இருக்கும் அந்த "/-" தான் காரணம். அது ஒட்டியிருக்கும்வரை எக்செல்லுக்கு அது எண் இல்லை, எழுத்து. எழுத்தை அது அகராதியில் சொற்களை அடுக்குவது போல இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிடும். 1,12,000 என்பதன் முதல் இலக்கம் 1, 8,990 என்பதன் முதல் இலக்கம் 8. ஒன்று எட்டுக்கு முன்னால் வரும் என்பதோடு ஒப்பீடு முடிந்துவிடுகிறது. எத்தனை இலக்கம் என்பதை அது பார்ப்பதே இல்லை.

வடிகட்டியில் ஒன்றும் வராததற்கும் இதுதான் காரணம். எண் வரம்பு வைத்து வடிகட்டும்போது எக்செல் எண்களை மட்டுமே ஒப்பிடும், எழுத்தைக் கணக்கில் எடுக்காது. ஆகவே 24,500/- கூட வரம்புக்குள் வந்ததாக அதற்குத் தெரியாது.

சந்தேகத்தைத் தீர்க்க விலைப் பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்துக் கீழ்ப் பட்டையைப் பாருங்கள். `Sum` வந்தால் எண் இருக்கிறது. `Count` மட்டும் வந்தால் எல்லாமே எழுத்து. வடிகட்டியின் மெனுவில் `Number Filters` இல்லாமல் `Text Filters` இருப்பதும் அதே அறிகுறி.

சரிசெய்ய, முதலில் பத்தியின் வடிவத்தை `General` என்று மாற்றுங்கள். இதை விட்டுவிட்டால், பத்தி `Text` வடிவில் இருக்கும் பட்சத்தில் குறியை நீக்கிய பிறகும் எழுத்தாகவே இருக்கும். பிறகு `Ctrl+H` அழுத்தி, "/-" என்பதை வெறுமையால் மாற்றுங்கள். காற்புள்ளி, ₹, `Rs.` ஆகியவற்றுக்கும் அப்படியே. இவ்வளவு செய்தும் சில வரிகள் மசியவில்லை என்றால், வலைப்பக்கத்திலிருந்து நகலெடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். பக்கத்துப் பத்தியில் இதைப் போட்டால் அதுவும் போய்விடும்:

```
=VALUE(SUBSTITUTE(B2,CHAR(160),""))
```

ரூபாய்க் குறி கண்ணில் பட வேண்டும் என்றால் செல் வடிவமைப்பில் வையுங்கள், தட்டச்சு செய்யாதீர்கள். "190 லிட்டர்" என்று ஒவ்வொரு செல்லிலும் எழுதியிருந்தால் அதுவும் இதே தொல்லைதான். அலகைத் தலைப்பில் எழுதிவிட்டு, செல்லில் 190 மட்டும் வையுங்கள்.

தேதியில் சிக்கல் இன்னும் கொஞ்சம் ஆழமானது. 05.11.2026 என்பது எழுத்தாக இருந்தால் 12.03.2025க்கு முன்னால் வந்துவிடும், ஏனென்றால் முதலில் ஒப்பிடப்படுவது நாள். அதைவிட மோசம், கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருப்பது. அப்போது 05/11/2026 சத்தமில்லாமல் மே 11 ஆகிவிடும். 25/11/2026ஐ மட்டும், 25ஆவது மாதம் இல்லாததால், எழுத்தாகவே விட்டுவிடும். பாதி வரி இடப்பக்கமும் பாதி வலப்பக்கமும் ஒட்டி நின்றால் இதுதான் நடந்திருக்கிறது. மாறிப்போனவற்றைப் பட்டியலை வைத்தே கண்டுபிடிக்க முடியாது, கடை தந்த தகவலைப் பார்த்துத்தான் திரும்ப உள்ளிட வேண்டும்.

இன்னும் மாறாமல் எழுத்தாகவே இருக்கும் தேதிகளுக்கு: பத்தியைத் தேர்ந்தெடுத்து, `Data` மெனுவில் `Text to Columns`, இரண்டு முறை `Next`, பிறகு `Date` என்பதில் `DMY`, `Finish`. உள்ளுக்குள் எக்செல் தேதியை ஒரு நாள் எண்ணாகவே வைத்திருக்கும்; 1.1.2025 என்பது 45658. அடுத்த முறை தேதியை 2026-11-05 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதுங்கள். பெரிய அலகு இடப்பக்கம் இருப்பதால் எழுத்தாகவே இருந்தாலும் ஒழுங்காக அடுக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள்: எல்லாவற்றையும் எண்ணாக்கிவிடாதீர்கள். சீரியல் எண்ணின் முன் நிற்கும் பூஜ்யம் எண்ணானால் காணாமல் போகும். 15 இலக்கத்துக்கு மேல் எக்செல் நினைவில் வைக்காது, 16ஆவது இலக்கம் பூஜ்யமாகிவிடும். கூட்டவோ ஒப்பிடவோ போவதில்லை என்றால் அது எழுத்தாகவே இருக்கட்டும்.

கடைகளின் வலைத்தளத்திலேயே "விலை: குறைவிலிருந்து" என்று தேர்ந்தெடுத்தும் 1,12,000 முதலில் வந்தால், முதல் இலக்கங்களை மட்டும் கீழே வரை பாருங்கள். 1, 1, 2, 2, 8, 9 என்று போனால் அவர்கள் விலையை எழுத்தாகச் சேமித்திருக்கிறார்கள், உங்கள் பக்கத்தில் செய்ய ஒன்றுமில்லை. மற்றவை ஒழுங்காக இருந்து நடுவில் ஒன்றிரண்டு மட்டும் துருத்திக்கொண்டிருந்தால், அவை பெரும்பாலும் விளம்பரப் பொருட்கள், இல்லையென்றால் தள்ளுபடிக்கு முந்தைய விலையை வைத்து அடுக்கப்பட்டவை.