"எப்ப வேணும்னாலும் வாரேன்" – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

எனக்கு 18 வயது, உயர்தரம் படிக்கிறேன். தீபாவளி வரைக்கும் சனி, ஞாயிறு வேலைக்கு ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் ஆள் எடுக்கிறார்கள். அடுத்த கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். போன வருஷம் வேறொரு கடையில் "எப்பெப்ப வரலாம்?" என்று கேட்டார்கள். "எப்ப வேணும்னாலும் வாரேன்" என்றேன். "ஒழுங்கா வருவியா?" என்றார்கள். "கட்டாயம் வருவேன்" என்றேன். பிறகு கூப்பிடவேயில்லை. உண்மையில் எனக்குச் சனிக்கிழமை பன்னிரண்டு மணி வரை ரியூஷன். தோட்டத்துக்குக் கடைசி பஸ் ஆறேகாலுக்கு. இதைச் சொன்னால் வேலை தரமாட்டார்கள் என்றுதான் மறைத்தேன். அனுபவம் என்று சொல்ல ஒன்றுமில்லை. இந்த முறை என்ன சொல்வது? என்ன உடுப்பில் போவது? சிங்களத்தில் பேச வேண்டுமா? 15 வயதில் தம்பி இருக்கிறான், அவனையும் கூட்டிப்போகலாமா?

– ர., கொட்டகலை

அன்புள்ள தம்பி,

உடுப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். தோய்த்து ஸ்திரிக்கை போட்டிருந்தால் போதும். சிங்களம் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு தெரியும் என்று சொல்லுங்கள், விலை சொல்லவும் அளவு கேட்கவும் முடிந்தாலே கடைக்குப் போதும். இந்த இரண்டிலும் இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

ஆனால் அந்த "எப்ப வேணும்னாலும்" இருக்கிறதே, அதற்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும்.

என் கூட்டாளி ஒருவன் மலையகத்தில் புடவைக் கடை வைத்திருக்கிறான். தீபாவளி நெருக்கத்தில் அவனுடைய காசு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பில் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். வேலை கேட்டு வரும் பிள்ளைகளிடம் அவன் பேசுவதெல்லாம் என் காதுபடத்தான். பத்துப் பேர் வந்தால் எட்டுப் பேர் உங்களைப் போலத்தான் சொல்வார்கள். அந்தப் பேரை அவன் கொப்பியில் எழுதுவதில்லை. ஏன் என்று கேட்டேன். "பள்ளிக்கூடம் போற பொடியன், எப்ப வேணும்னாலும் எப்படி வருவான்? ஒண்ணு பொய் சொல்றான், இல்லாட்டி யோசிக்காம சொல்றான். ரெண்டுமே எனக்கு நட்டம்தான்" என்றான்.

முதலாளிக்கு உங்கள் நேரம் முழுவதும் வேண்டும் என்று நினைக்கிறீர்கள். அவருக்கு வேண்டியது ஒரு அட்டவணை. தோட்டத்தில் தீபாவளி முற்பணம் கொடுத்த கையோடு வருகிற சனி, ஞாயிறு கடைக்குள் கால் வைக்க இடமிருக்காது. அன்றைக்குச் சேலைப் பக்கம் யார், பிள்ளைகள் உடுப்புப் பக்கம் யார், மேல்மாடியில் யார் என்று அவர் முன்கூட்டியே பிரித்திருப்பார். உங்கள் பேரை ஒரு கட்டத்தில் போட்டால் அந்தக் கட்டம் நிரம்ப வேண்டும். பன்னிரண்டரைக்கு வருகிறவனுக்குப் பன்னிரண்டரையிலிருந்து கட்டம் போடலாம். எட்டரைக்கு வருவதாகச் சொல்லிப் பன்னிரண்டரைக்கு வருகிறவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆகவே, கேட்டதும் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சனிக்கிழமை பன்னிரண்டு வரைக்கும் ரியூஷன் இருக்குங்க. பன்னிரண்டரைக்குக் கடையில நிப்பேன். ஞாயிறு முழு நாளும் வரலாம். ஆறேகாலுக்குக் கடைசி பஸ், அதனால ஆறு மணிக்குக் கிளம்பணும்." இவ்வளவோடு நிறுத்தாதீர்கள். ஆறு மணி என்றதும் அவர் முகம் சுருங்கும், ஏனென்றால் அந்த நாட்களில் வியாபாரம் சூடு பிடிப்பதே சாயந்தரம்தான். அதற்கு வீட்டிலேயே வழி பார்த்துவிட்டுப் போங்கள். ஹட்டனில் சித்தி, மாமா என்று யாராவது இருந்தால், தீபாவளிக்கு முந்தைய இரண்டு சனிக்கிழமை அங்கே தங்கலாமா என்று முதலில் அவர்களைக் கேளுங்கள். சரி என்றால்தான் கடையில் சொல்ல வேண்டும்: "கடைசி ரெண்டு சனிக்கிழமையும் சித்தி வீட்டில தங்குறேன், கடை மூடுற வரைக்கும் நிப்பேன்." தங்க இடமில்லையென்றால் ஆறு மணி ஆறு மணிதான். அதை இழுத்து நீட்டிவிட்டு, பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஐந்தே முக்காலுக்கு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். சேலை பார்க்க வந்த அம்மாவுக்கே அது தெரிந்துவிடும்.

தவணைப் பரீட்சை எப்போது தொடங்குகிறது, தீபாவளிக்குப் பிறகு வருவீர்களா இல்லையா, இரண்டையும் அவர் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். "தீபாவளியோட நின்னுடுவேன்" என்று சொல்லப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். பண்டிகைக்கு ஆள் எடுக்கிறவருக்கு அது இனிப்பான செய்தி. பண்டிகை முடிந்தபின் உங்களை என்ன செய்வது என்பது அவருக்கும் ஒரு தலைவலிதான்.

இனி "ஒழுங்கா வருவியா?" இதைப் பற்றித்தான் கொஞ்ச நாளாகவே எனக்குள் ஒரு கோபம் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது.

டவுன் கடைகளில் ஒரு பேச்சு உண்டு: "தோட்டத்துப் பொடியன்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார்கள்." தோட்டத்திலிருந்து வந்து கடை வைத்தவர்களே இதைச் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். அது குணமாம். குணமாவது மண்ணாங்கட்டியாவது! அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். எங்கள் அம்மா கொழுந்து எடுத்தவர். காலையில் பெரட்டுக்குப் போனால் செக்ரோலில் பேர் விழும். போகாவிட்டால் பேர் இல்லை, அந்த நாள் சம்பளம் இல்லை. அவ்வளவுதான் கணக்கு. யாருக்கும் முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஏனென்றால் அங்கே வேலையைப் பிரிப்பதே அன்று காலை வந்து நிற்கிற தலைகளைப் பார்த்துத்தான். நாற்பது பேர் வந்தால் நாற்பது பேருக்கு மலை, முப்பத்தைந்து பேர் வந்தால் முப்பத்தைந்து பேருக்கு. முன்பு வரவுக்கென்று தனிக் கொடுப்பனவு இருந்தது. வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வந்தவர்களுக்கு அது கிடைக்கும். அங்கேயும் பார்த்தது மாதக் கூட்டுத்தொகையைத்தான். எந்தச் செவ்வாய்க்கிழமை வரவில்லை, முதல் நாளே சொன்னாயா என்று யாரும் கேட்டதில்லை.

இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, வராத நாளுக்குச் சம்பளம் வேண்டாம் என்று விட்டுவிட்டால் நியாயம் முடிந்தது என்றுதான் நினைப்பான். கடையில் அது முடிவதில்லை. அவன் நிற்க வேண்டிய மேசை காலியாகக் கிடக்கிறது, பக்கத்து மேசைப் பிள்ளை இரண்டு மடங்கு ஓடுகிறாள், வந்த ஆட்கள் எதிர்க் கடைக்குப் போகிறார்கள். இது சம்பள முறையில் உள்ள வித்தியாசம், சாதிக் குணம் இல்லை. கடைக்காரர்கள் இதை ஒரு தடவை பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னால் என்ன? சொல்லமாட்டார்கள். திட்டத்தான் தெரியும்.

திட்டு உங்களுக்கும் உண்டு. கூட்டாளியிடம் சொல்லி அனுப்புகிற வழக்கம் நமக்குள் இருக்கிறதே, அதை விட்டுத்தொலையுங்கள். என் கூட்டாளி கடையில் ஒரு பொடியன் இருந்தான். லயத்தில் மரணம் விழுந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. பக்கத்து லயத்துப் பையனிடம் சொல்லி அனுப்பினான், அவன் பத்தரைக்கு வந்து சொன்னான். அதற்குள் அவன் மேசைக்கு மேல்மாடியிலிருந்து ஆளை இறக்கி, மேல்மாடியைப் பூட்ட வேண்டி வந்தது. அடுத்த சனி அவனை வேண்டாம் என்றுவிட்டார்கள். மரண வீட்டுக்குப் போனதற்காக இல்லை. லயத்தில் சாவு விழுந்தால் போகாமல் இருக்க முடியாது என்பது ஹட்டன் முதலாளிக்குத் தெரியாதா? காலை ஏழு மணிக்குத் தெரிந்திருந்தால் அவர் வீட்டிலிருந்த தன் மகளைக் கூட்டிவந்து நிறுத்தியிருப்பார்.

அதனால் "ஒழுங்கா வருவியா?" என்றால் "கட்டாயம்" என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்காதீர்கள். அதை எல்லாரும் சொல்கிறார்கள். இரண்டு விஷயம் சொல்லுங்கள்.

ஒன்று, இதுவரை எதற்கு ஒழுங்காகப் போனீர்கள் என்பது. அனுபவம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளிக்கூட வரவு நன்றாக இருக்கிறதா? வகுப்பாசிரியரிடம் இரண்டு வரிக் கடிதம் கேளுங்கள், அவர் தொலைபேசி இலக்கத்தையும் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோயில் திருவிழாவில் வரிக்கணக்கு எழுதியிருக்கிறீர்களா? காலையில் தம்பியைக் கிளப்பிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறீர்களா? இருந்தால் சொல்லுங்கள், இல்லாததைச் சொல்லாதீர்கள். கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் நடுவில் பொய் ரொம்ப தூரம் போகாது. முதலாளிக்கு உங்கள் தோட்டத்தில் யாரையாவது தெரிந்திருக்கும்.

மற்றது, வர முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்பது. மழைக் காலத்தில் ரோட்டில் மண் சரியும், பஸ் வராது, காய்ச்சல் வரும். இதெல்லாம் நடக்காது என்று சத்தியம் பண்ணுகிறவனை யார் நம்புவது? "வர முடியாட்டி கடை திறக்கிறதுக்கு முன்னாடி நானே போன் பண்ணுவேன். யாருக்குப் பண்ணணும்னு சொல்லுங்க" என்று அங்கேயே இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் லயத்தில் சிக்னல் எங்கே கிடைக்கும் என்பதையும் யோசித்து வையுங்கள். வீட்டுக்குள் கிடைக்காது, ஸ்டோர் பக்கம் ஏறினால்தான் கிடைக்கும் என்றால் அதைச் சொல்லி, பக்கத்து வீட்டு இலக்கம் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். இதைக் கேட்டதும் முதலாளி கொப்பியை எடுப்பார் பாருங்கள். வேலை கேட்டு வருகிற பிள்ளை வராத நாளைப் பற்றித் தானாகப் பேசி அவர் கேட்டிருக்கமாட்டார்.

இவ்வளவும் சொன்ன பிறகும் "சனிக்கிழமை காலையிலேயே வேணும்" என்றால், அந்தக் கடை உங்களுக்குச் சரிவராது. ரியூஷனை விடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த கடைக்கு நடங்கள், ஹட்டனில் ஒரு புடவைக் கடையா இருக்கிறது?

எழும்பி வருவதற்கு முன் நீங்களும் ஒன்று கேட்க வேண்டும். பன்னிரண்டரைக்கு வருகிற சனிக்கிழமையை அரை நாளாகக் கணக்குப் பார்ப்பார்களா, மணிக்கணக்கிலா, சம்பளம் அன்றன்றைக்கா கடைசியிலா? கூச்சப்படாதீர்கள். அரைப் பேர் விழுந்த நாளில் எங்கள் அம்மா கணக்கப்பிள்ளையிடம் பட்ட வாக்குவாதம் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. அதை முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

தம்பியைக் கூட்டிப்போக வேண்டாம். வேலைக்கு வைக்கக்கூடிய குறைந்த வயதை 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்திவிட்டார்கள். 15 வயதுப் பிள்ளையைச் சரி என்று எடுக்கிற கடை, உங்களுக்குப் பேசிய சம்பளத்தையும் சரியாகக் கொடுக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.