வயதுக் கணக்கில் நாள் ஏன் மைனஸில் வருகிறது?

செங்காங்கில் ஒரு பாலர் பராமரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறேன். குழந்தைகளின் வயதை எக்செலில் DATEDIF போட்டு எடுக்கிறோம். ஒரு குழந்தைக்கு "2 மாதம் -2 நாள்" என்று வருகிறது. தேதி சரியாகத்தான் இருக்கிறது. எங்கே தப்பு?

தப்பு உங்களுடையது இல்லை, DATEDIFஇல் மிச்ச நாளை எடுக்கப் போடும் "MD"யுடையது. அதை நம்ப வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட்டே தன் உதவிப் பக்கத்தில் எச்சரித்திருக்கிறது.

குழந்தை 31/12/2025இல் பிறந்தது, இன்று 1/3/2026 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கான "Y", மாதத்துக்கான "YM" இரண்டும் ஒழுங்காக 0, 2 என்று சொல்லிவிடும். நாளைக் கணக்கிடும்போது 1இலிருந்து 31ஐக் கழிக்க முடியாது, அதனால் அது முந்தைய மாதமான பிப்ரவரியின் 28 நாளைக் கடன் வாங்குகிறது. 1 - 31 + 28, அதாவது -2. பிப்ரவரியில் 31ஆம் தேதியே கிடையாது என்பதை அது பார்ப்பதே இல்லை.

மைனஸ் வந்தால் பரவாயில்லை, கண்ணில் படும். எனக்குக் கவலை 0 வரும் இடம்தான். அதே மார்ச் 1இல், 29/12/2025இல் பிறந்த குழந்தைக்கு 1 - 29 + 28 என்று "2 மாதம் 0 நாள்" காட்டும். பிப்ரவரி 28ஐ மாதம் முடிந்த நாளாகக் கொண்டால் ஒரு நாள் குறைவு, ஆனால் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. 31ஆம் தேதி பிறந்தவர்களுக்கு மே 1, ஜூலை 1, அக்டோபர் 1, டிசம்பர் 1 எல்லாவற்றிலும் இதே கதைதான்.

"MD"யை விட்டுவிடுங்கள். முடிந்த மாதங்களை EDATE மூலம் பிறந்த தேதியோடு கூட்டி, அங்கிருந்து மிச்ச நாளை எண்ணுங்கள். பிறந்த தேதி A2இலும் கணக்கிடும் தேதி B2இலும் இருந்தால்:

```
=DATEDIF(A2,B2,"Y")&" வருடம் "
&DATEDIF(A2,B2,"YM")&" மாதம் "
&(B2-EDATE(A2,DATEDIF(A2,B2,"M")))&" நாள்"
```

இப்போது 31/12/2025இல் பிறந்த குழந்தைக்கு மார்ச் 1இல் 2 மாதம் 1 நாள் என்று வரும். அதற்கு முந்தைய நாளான பிப்ரவரி 28இல் இதே சூத்திரம் 1 மாதம் 28 நாள் என்றுதான் சொல்லும், "2 மாதம் 0 நாள்" என்ற நிலையைத் தொடாமலே தாண்டிவிடும். கைக்குழந்தைப் பராமரிப்பில் 2 மாதத்திலிருந்துதான் சேர்க்கிறார்கள் என்பதால் பிப்ரவரி 28 கணக்கில் வருமா என்பதை நிலையம்தான் முடிவு செய்ய வேண்டும், எக்செல் அல்ல. இன்னொன்று, சேர்க்கைப் பதிவில் B2இல் TODAY() போடாதீர்கள். அடுத்த வாரம் கோப்பைத் திறந்தால் எல்லா வயதும் மாறியிருக்கும். Ctrl + ; அழுத்தினால் அன்றைய தேதி நிலையாக நிற்கும்.

நாட்களை 365.25ஆல் வகுத்து INT போடுவது எளிதாக இருக்கிறதே, அது போதாதா?

போதாது, அது சரியாகப் பிறந்தநாள் அன்றே காலை வாரிவிடும். 14/3/2008இல் பிறந்தவருக்கு 14/3/2026 அன்று 18 முடிகிறது. இடையில் 6574 நாட்கள், வகுத்தால் 17.9986, INT அதை 17 ஆக்கிவிடும். வயது வரம்பு பார்க்கும் இடத்தில் அந்த ஒரு நாள்தானே முக்கியம்.

பட்டியலில் பாதிப் பேருக்கு #VALUE! வருகிறது, மீதிப் பேருக்கு வயது வருகிறது. வந்ததை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்து, நம் ஊர் வழக்கப்படி நாள்/மாதம்/ஆண்டு என்று எழுதிய கோப்பைத் திறந்திருப்பீர்கள். 25/12/2019இல் 25ஆவது மாதம் இல்லாததால் அது வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும், பிழையும் காட்டும். 03/04/2019 மட்டும் சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகியிருக்கும், வயதும் ஒரு மாதம் தள்ளிப்போயிருக்கும். ஆகவே பிழை காட்டிய வரிகளை மட்டும் கையால் திருத்திப் பயனில்லை. வட்டார அமைப்பைச் சிங்கப்பூருக்கு மாற்றிவிட்டு மூலக் கோப்பை மறுபடி ஏற்றுங்கள். Text to Columns வழியாகப் போவதானால், மூலத் தேதிகளை எழுத்தாக ஒட்டிய பிறகு DMY தேர்ந்தெடுங்கள், ஏற்கெனவே புரண்டுபோன தேதிகளை அதுவும் காப்பாற்றாது.

ஊழியருக்கு 55 முடிந்ததும் மத்திய சேம நிதி விகிதம் மாறுகிறது. DATEDIF 55 காட்டும் மாதத்திலேயே மாற்றிவிடலாமா?

இல்லை, பிறந்தநாள் வரும் மாதத்துக்கு அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்துதான் புது விகிதம். 14/3/1971இல் பிறந்தவருக்கு மார்ச் 2026 சம்பளத்தில் பழைய விகிதம், ஏப்ரல் 1 முதல் புதியது. இங்கே வயதையே கேட்க வேண்டாம், தேதியைக் கேளுங்கள்:

```
=EOMONTH(A2,55*12)+1
```

விடை ஐந்து இலக்க எண்ணாக வந்தால் பயப்படாதீர்கள், செல்லின் வடிவத்தைத் தேதிக்கு மாற்றினால் 1/4/2026 என்று தெரியும்.