எம்பி5 என்று ஒரு ஃபார்மேட்டே கிடையாது: வாங்குவோர் கேள்வி-பதில்

விண்ணப்பத்துக்கு JPEG படம் கேட்டாங்க. என்கிட்ட இருந்தது .jpg. அதை ஜேபெக்கா மாத்தித் தர பிரவுசிங் சென்டர்ல ஐம்பது ரூபா வாங்கிட்டாங்க. சரிதானா? – வாசகி, தக்கலை

சரியில்லை. உங்களிடம் வாங்கியது இல்லாத வேலைக்கான கூலி. இரண்டும் ஒன்றேதான். ஜாயின்ட் ஃபோட்டோகிராஃபிக் எக்ஸ்பர்ட்ஸ் குரூப் என்ற நிபுணர் குழு 1986-ல் அமைந்தது, 1992-ல் அவர்களுடைய தரம் வெளிவந்தது, குழுவின் பெயரே படத்துக்கும் நின்றுவிட்டது. அந்தக் காலத்து டாஸ் கம்ப்யூட்டர்களில் ஃபைல் பெயருக்கு எட்டெழுத்து, புள்ளிக்கு அப்புறம் மூன்றெழுத்துதான் இடம். அதனால் நான்கெழுத்து .jpeg அங்கே .jpg ஆனது. விண்டோஸ் 95-லேயே அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது, பழக்கம் மட்டும் போகவில்லை. .jpg என்பதை .jpeg என்று நீங்களே பெயர் மாற்றிக்கொள்ளலாம், உள்ளே எதுவும் மாறாது. அப்படியும் தளம் படத்தை ஏற்கவில்லை என்றால் பெரும்பாலும் கேபி அளவுதான் காரணம். ரூபாய் கேட்டால் "அளவைக் குறைத்தீர்களா, பெயரை மட்டும் மாற்றினீர்களா?" என்று கேளுங்கள்.

பயோடேட்டாவை PDF ஆக்கித் தந்தார் ஒருத்தர். அனுப்பின இடத்துல "திறக்க முடியவில்லை"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அவர் மேல தப்பா, வாங்கினவங்க மேல தப்பா? – குலசேகரம்

ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். உண்மையான பிடிஎஃப் இப்படித் தொடங்கும், கடைசி எண் மட்டும் ஃபைலுக்கு ஃபைல் மாறலாம்:

```
%PDF-1.7
```

அதற்குப் பதிலாக `PK` என்று தொடங்கினால், உங்கள் வேர்டு ஃபைலின் .docx என்ற வாலை வெட்டி .pdf என்று ஒட்டிக் கொடுத்திருக்கிறார். வேர்டின் docx உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். 1989-ல் ஜிப்பைக் கொண்டுவந்த பில் காட்ஸின் பெயரின் முதலெழுத்துகள்தான் அந்த PK. (ஜிப் எதன் சுருக்கமும் இல்லை, வேகம் என்ற பொருளில் வைத்த பெயர்.)

பிடிஎஃப் என்றால் போர்ட்டபிள் டாக்குமென்ட் ஃபார்மேட். அடோபி நிறுவனத்தின் ஜான் வார்னாக் 1991-ல் கேம்லாட் என்ற பெயரில் இதற்கான திட்டத்தை எழுதியபோது இதன் பெயர் இன்டர்சேஞ்ச் போஸ்ட்ஸ்கிரிப்ட். 1993-ல் வெளிவந்தபோதுதான் பிடிஎஃப். போர்ட்டபிள் என்பதைத்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். எந்த கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனாலும் பக்கம் அப்படியே தெரியவேண்டும். பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ் வேர்டு ஃபைல் வேறு கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துருவும் ஃபைலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டால் அந்தத் தொல்லை இல்லை. அக்ரோபேட் ரீடரில் Properties போய் Fonts பகுதியைத் திறந்தால், எழுத்துருவின் பெயருக்குப் பக்கத்தில் Embedded அல்லது Embedded Subset என்று இருக்கவேண்டும். இல்லையென்றால் திருப்பிக் கொடுத்து மறுபடி செய்யச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை.

காருக்கு MP5 பிளேயர் மாட்டினேன். எம்பி4-ஐ விட ஒரு படி மேலேன்னு கடைக்காரர் சொன்னார். போன்ல எடுத்த மண்டைக்காடு கொடை வீடியோ சத்தம் மட்டும் வருது, படம் வரல. ஏமாந்துட்டேனா? – மார்த்தாண்டம்

ஆமாம், ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். இதைப் பற்றி எனக்குப் பல வருடக் கோபம், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இந்த எண்கள் படிக்கட்டு இல்லை. எம்பெக் என்பது மூவிங் பிக்சர் எக்ஸ்பர்ட்ஸ் குரூப், 1988-ல் அமைந்த இன்னொரு நிபுணர் குழு. அவர்களுடைய முதல் தரமான எம்பெக்-1-ல் ஒலிக்கு மூன்று அடுக்குகள் உண்டு, அதில் மூன்றாவது அடுக்குதான் எம்பி3. அந்த 3 அடுக்கின் எண், தலைமுறையின் எண் இல்லை. ஜெர்மனியில் ஃபிராவுன்ஹோஃபர் நிறுவனத்தில் இதை உருவாக்கியவர்கள் முதலில் .bit என்ற வாலைத்தான் வைத்திருந்தார்கள், 1995 ஜூலை 14 அன்று தங்களுக்குள் கருத்துக் கேட்டு .mp3 என்று முடிவு செய்தார்கள். எம்பெக்-3 என்று தனியாக ஒரு தரம் வெளிவரவே இல்லை, உயர்தர டிவிக்காக நினைத்த அந்த வேலை எம்பெக்-2-க்குள்ளேயே அடங்கிவிட்டது.

எம்பி4-ல் உள்ள 4 எங்கிருந்து வந்தது? எம்பெக்-4 என்ற தரத்தின் 14-வது பகுதி அது. எம்பி3 ஒலி, எம்பி4 படத்தையும் ஒலியையும் சேர்த்துப் போட்டு வைக்கும் ஒரு பெட்டி. ஒன்றை விட மற்றொன்று மேல் என்ற பேச்சுக்கே இடமில்லை. எம்பி5 என்று ஒரு ஃபைல் ஃபார்மேட் கிடையாது. விற்பவர்கள் நாலுக்கு அடுத்து அஞ்சு என்று நாம் எண்ணிக்கொள்வோம் என்பதை நம்பி ஒட்டிய லேபிள் அது, வேறொன்றுமில்லை.

நானும் இதில் பணம் இழந்தவன். நாகர்கோவிலில் ஒரு கடையில் "எம்பி4 பிளேயர்" என்று அச்சடித்த கருவி வாங்கினேன். அது ஒரு .mp4 ஃபைலைக்கூட ஓட்டாது. கூட வந்த சிடியில் இருந்த மென்பொருளில் போட்டு .amv என்று மாற்றினால்தான் ஓடும், அதுவும் தபால்தலை அளவுப் படம் திக்கித் திக்கி. கடையில் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள்.

இப்போது உங்கள் வீடியோவுக்கு வருகிறேன். ஃபைல் .mp4 என்று இருந்தாலும், பெட்டிக்குள் படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பது தனி விஷயம். பழையது H.264, புதியது HEVC, அதாவது H.265. புதிய போன்கள் பல HEVC-யில் பதிவு செய்யும், விலை குறைந்த கார் பிளேயர்களுக்கு அது புரியாது. ஒலியின் முறை வேறு என்பதால் அது மட்டும் கேட்கிறது. கம்ப்யூட்டரில் விஎல்சி-யில் வீடியோவை ஓடவிட்டு Tools-ல் Codec Information பாருங்கள், hevc என்று இருந்தால் காரணம் அதுதான். இனிமேல் எடுப்பதற்கு போன் கேமரா செட்டிங்கில் HEVC அல்லது High efficiency என்பதை அணைத்துவிடுங்கள். எடுத்து முடித்ததை H.264-க்கு மாற்றிக்கொள்ளலாம்.

பெட்டியிலோ விளம்பரத்திலோ H.265 ஓடும் என்று எழுதியிருந்தால், பில்லோடு கடைக்குப் போங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள், அதற்கும் நியாயம் கிடைக்காவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. "எம்பி4 ஓடும்" என்று மட்டும் எழுதியிருந்தால் கடைக்காரருக்கு வாதாட வழி உண்டு. ஆகவே அடுத்த முறை உங்கள் பென் டிரைவையே எடுத்துப்போய், உங்கள் போனில் எடுத்த வீடியோவைக் கடையிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கடைக்கு லோகோ வரைஞ்சு வாங்கினேன். JPG மட்டும்தான் தந்தாங்க. பெரிசா ஃப்ளெக்ஸ் அடிச்சா மங்குது. CDR கேட்டா தனியா ரூபா கேக்கறாங்க. – குளச்சல்

அட்வான்ஸ் கொடுக்கும்போது கேட்டிருக்கவேண்டும். சிடிஆர் என்பது கோரல்டிரா மென்பொருளின் சொந்த ஃபைல், கோடுகளாக இருப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. எந்த ஃபார்மேட்டில் தரவேண்டும் என்று எழுதி வாங்காமல் வேலை கொடுத்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதுபவர்கள் மாதாமாதம் வருகிறார்கள். பேரம் பேசி வாங்குங்கள்.

PNG, GIF ரெண்டும் ஒண்ணா? – அஞ்சுகிராமம்

இல்லை. ஜிஃப் 1987-ல் வந்தது. அதிலுள்ள சுருக்கும் முறைக்குக் காப்புரிமைக் கட்டணம் கேட்கப்பட்டதால், யாருக்கும் பணம் கட்டவேண்டாம் என்று உருவாக்கியது பிஎன்ஜி.

வாட்ஸப்புல கல்யாணப் பத்திரிகைன்னு ஒரு ஃபைல் வந்துது, தெரிஞ்ச நம்பர். அமுக்கினேன், கணக்குல இருந்த பணம் போயிட்டு. ஃபைல் பேரு கடைசியில .apk இருந்துது. – வாசகர், கன்னியாகுமரி

உங்கள் மேல் தப்பில்லை, தெரிந்தவர் போனையே முதலில் பிடித்துத்தான் இதை அனுப்புகிறார்கள். ஏபிகே ஆண்ட்ராய்டு செயலியின் பொட்டலம், அதைத் திறப்பது பத்திரிகை படிப்பதல்ல, போனுக்குள் ஒரு புரோகிராமை ஏற்றுவது. பத்திரிகை என்றால் .jpg, .pdf, மிஞ்சினால் .mp4 ஆக வரும். பெயர் "பத்திரிகை.pdf.apk" என்று இருந்தாலும் கடைசிப் புள்ளிக்கு அப்புறம் உள்ளதுதான் கணக்கு.

இன்னும் புகார் சொல்லாவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு. cybercrime.gov.in தளத்திலும் பதியுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். போனின் நெட்டை அணைத்து, அந்தச் செயலியை நீக்குங்கள். நீக்க முடியாமல் அடம்பிடித்தால் போனை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், அதற்கு முன், வந்த மெசேஜையும் அனுப்பிய எண்ணையும் வேறொரு போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகாருக்கு அது வேண்டும்.